500 இலைக்கு எத்தனை சிப்பம் அரிசி?

கல்யாணச் சமையல் பேச உட்கார்ந்தால் பெண் வீட்டார் முதலில் சொல்வது ஒரு மொத்தக் கணக்கு. "மாஸ்டர், எப்படியும் 900 பேர் வருவாங்க. குறை இல்லாம பண்ணிடுங்க." அனுபவப்பட்ட சமையல் மாஸ்டர் அந்த 900-ஐ நோட்டில் எழுத மாட்டார். "சார், பத்திரிகை எத்தனை அடிச்சீங்க? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? முதல் நாள் ரிசப்ஷன் உண்டா?" என்று மூன்றையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் பேனாவைத் திறப்பார். முகூர்த்தத்தன்று மதியம் எத்தனை இலை விழும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி, வடை, அப்பளம் எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்து பிறக்கின்றன. அந்த எண் பிசகினால் பிறகு எவ்வளவு கைத்திறமை இருந்தும் பயனில்லை. ஒன்று, கடைசிப் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்குச் சாதம் இருக்காது. இல்லையென்றால், அண்டா அண்டாவாக மிச்சம் கிடக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் சேர்ந்து 400 பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், பிறகு மதியச் சாப்பாடு. இந்த 400-ஐ ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. உறவினர் வீடுகள் 120, அலுவலகமும் நண்பர்களும் 150, அக்கம்பக்கம், கடைவீதிப் பழக்கம் என்று 130 எனப் பிரித்துக்கொள்வோம். உறவினர் குடும்பத்துடன் வருவார்கள், வீட்டுக்குச் சராசரி மூன்றரைப் பேர் என்றால் 420. அலுவலகத்தில் பாதிப் பேர் தனியாகவே வருவார்கள், பத்திரிகைக்கு ஒன்றரை என்று வைத்தால் 225. அக்கம்பக்கம் இரண்டிரண்டாக 260. ஆகமொத்தம் 905. பெண்ணின் அப்பா சொன்ன 900 சரிதான். ஆனால் அந்த 900 பேரும் மதிய இலையில் உட்காரப் போவதில்லை.

அலுவலகக் கூட்டம் பெரும்பாலும் ரிசப்ஷனுக்கு வந்து மொய் எழுதி, சாப்பிட்டுக் கிளம்பிவிடும். மறுநாள் மதியம் அதில் ஐந்தில் ஒருவர் வந்தால் அதிகம். அக்கம்பக்கத்தில் பத்துக்கு நான்கு பேர் வருவார்கள். உறவினரில் பத்துக்கு ஏழு பேர் இருந்து சாப்பிடுவார்கள். இப்படிக் கழித்தால் 45, 104, 294 என்று 443 வரும். இத்துடன் பலர் மறந்துவிடும் ஒரு கூட்டத்தைச் சேர்க்க வேண்டும். நாதஸ்வரக் குழு, போட்டோ, வீடியோ ஆட்கள், பூ அலங்காரம் செய்தவர்கள், வேன் ஓட்டுநர்கள், மண்டபத்து ஊழியர்கள், பரிமாறுகிறவர்கள், சமையல் ஆட்கள். நடுத்தரமான கல்யாணத்திலேயே இவர்கள் 50 பேர் தேறுவார்கள். காலையிலிருந்து உழைத்துவிட்டு எல்லோரும் எழுந்த பிறகு உட்காருகிறவர்கள். அவர்களுக்கான சோற்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. ஆக, 500 இலை.

இந்த விகிதங்கள் கல்லில் பொறித்தவை இல்லை. முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் காலை டிபன் இலை ஏறும், மதிய இலை இறங்கும். தாலி கட்டியதும் டிபன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம். முகூர்த்தம் பத்தரைக்கு மேல் என்றால் வந்தவர்கள் அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டுக்கு இருப்பார்கள். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஊரில் மண்டபமெல்லாம் நிரம்பியிருக்கும். ஒரே ஆள் மூன்று கல்யாணத்தில் தலைகாட்டி ஒன்றில்தான் சாப்பிடுவார். தேதியையும் நேரத்தையும் மாஸ்டர் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

இலை தெரிந்ததும் அரிசிக்கு வரலாம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், தயிர் என்று வரிசையாகச் சாதம் மட்டுமே இருக்கும் சைவச் சாப்பாட்டில் இலைக்கு 100 கிராம் அரிசி என்பது நகரத்துக் கணக்கு. 500 இலைக்கு 50 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் இரண்டு. கிராமத்துக் கல்யாணத்தில் இந்தக் கணக்கோடு போனால் மாட்டிக்கொள்வீர்கள். உடலுழைப்பு உள்ளவர்கள் உட்காரும் பந்தியில் இலைக்கு 130 கிராமுக்குக் குறையாமல் போட வேண்டும், 150 கூட ஆகும். நன்றாக வடித்த பழைய புழுங்கலரிசி ஒரு கிலோவுக்கு மூன்று கிலோவை ஒட்டிச் சாதம் தரும். அந்த ஆண்டு அறுத்த புது அரிசி அவ்வளவு காணாது, குழையவும் செய்யும். அரிசியை மளிகைக் கடையில் இறக்குவதற்கு முன்னால் ஒரு ஆழாக்கு வாங்கி வீட்டில் வடித்துப் பார்க்கச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. கேட்டு நடப்பது நல்லது.

மெனுவில் வெஜிடபிள் பிரியாணி சேர்ந்தால் என்ன ஆகும்? பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரியாணிக்கு இலைக்கு 30 கிராம் என்று 15 கிலோ பாஸ்மதியோ சீரகசம்பாவோ எழுதிவிட்டு, வெள்ளைச் சாதத்துக்கு அதே 50 கிலோவை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு கரண்டி பிரியாணி சாப்பிட்டவர் சாம்பார் சாதத்தில் அந்த அளவைக் கட்டாயம் குறைப்பார். ஆகவே வெள்ளைச் சாதத்தை 40 கிலோவுக்கு இறக்க வேண்டும். மொத்தம் 55 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் அது மிச்சத்துக்குத்தான். சப்பாத்தி, ரவாதோசை என்று ஐட்டம் கூடக்கூட ஒவ்வொன்றின் அளவும் சுருங்க வேண்டும். மனிதருக்கு வயிறு ஒன்றுதான், இலையில் பதார்த்தம் எத்தனை வைத்தாலும் அது பெரிதாவதில்லை. 15 ஐட்டத்துக்கும் 8 ஐட்டத்துக்கும் ஒரே அளவு எழுதிய லிஸ்ட்டைப் பார்த்தால், எழுதியவர் பந்தியைப் பார்க்காதவர் என்று சொல்லிவிடலாம்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு இலைக்கு 25 கிராம் போதும். 500 இலைக்கு 12½ கிலோ. கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று 100 லிட்டர் சாம்பார் வரும், இலைக்கு 200 மில்லி. நெய் விட்டுப் பிசைய முதலில் வைக்கும் பருப்புக்குத் தனியாக 5 கிலோ. ரசம் 55 லிட்டர், தயிர் 40 லிட்டர், பாயசம் 50 லிட்டர். சேமியா பாயசம் என்றால் 40 லிட்டர் பாலும் 4 கிலோ சேமியாவும் 8 கிலோ சர்க்கரையும் அதைக் கொடுத்துவிடும். சேமியா பால் குடித்து ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் கடைசிப் பந்திக்குப் பாயசம் களியாகிவிடாமல் இருக்கச் சுடச்சுடச் சேர்க்க ஐந்தாறு லிட்டர் பாலைத் தனியே எடுத்து வைப்பார்கள். இந்தப் பாலை லிஸ்ட்டில் எழுதாத வீடுகளில்தான் மூன்றாம் பந்தியில் பாயசத்தில் வெந்நீர் விழுகிறது.

காய்கறியில் கடைக்காரர் நிறுக்கும் எடை வேறு, இலையில் விழும் எடை வேறு. பீன்ஸில் நுனியும் நாரும் போகும், வெந்ததும் சுருங்கும். இலையில் ஒரு கரண்டி பொரியல் வைக்க இலைக்கு 60 கிராம் பச்சையாக வேண்டும், 500-க்கு 30 கிலோ. உருளைக்கிழங்குக்குத் தோல் போவதால் 35 கிலோ. கீரை என்றால் இந்தக் கணக்கே நிற்காது. கட்டுக் கட்டாக அண்டாவில் போட்டாலும் வெந்து இறங்கும்போது அடியில் கிடக்கும். பெரிய பந்திக்குக் கீரையை மாஸ்டர்கள் தவிர்ப்பதற்கு அதை ஆய்கிற வேலையும் ஒரு காரணம். வடை எண்ணிக்கைப் பண்டம், அதனால் கணக்கு எளிது. ஒரு கிலோ உளுந்தில் நடுத்தர அளவில் ஏறக்குறைய 50 மெதுவடை வரும். 500 இலைக்கு 600 வடை, 12 கிலோ உளுந்து. ஆனால் தட்டுகிற கைக்கேற்ப இது மாறும். முதல் ஈடு எடுத்ததும் ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை நிறைத்தது என்றால், 12 கிலோவில் 450-தான் வரும். அப்போதே சொன்னால் திருத்தலாம். பத்தாவது ஈட்டில் சொல்லிப் பயனில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் இலைக்கு இவ்வளவு என்று பெருக்கும் கணக்கு. பெருக்கக் கூடாத சில உண்டு, சிக்கல் அங்கேதான் வருகிறது.

முதலாவது எண்ணெய். வடை போட வாணலியில் பத்து லிட்டர் எண்ணெய் நிற்க வேண்டும். 100 வடை என்றாலும் 600 வடை என்றாலும் அந்தப் பத்து லிட்டர் வேண்டும், குடிக்கிற எண்ணெய் மட்டும்தான் எண்ணிக்கைக்கேற்ப கூடும். ஆகவே 100 இலைக்கு 12 லிட்டர் செலவானது என்பதை வைத்து 500-க்கு 60 லிட்டர் என்று எழுதினால் தவறு. 15 லிட்டர் டின் இரண்டு போதும், அதிலும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாவது தண்ணீர். வீட்டில் பத்துப் பேருக்கு வைக்கும் சாம்பாரின் அளவை 50 மடங்காக்கி அண்டாவில் வைத்தால் நீர்த்துப் போகும். பெரிய பாத்திரத்தில், உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் மேல்பரப்பு குறைவு. அதனால் கொதிக்கையில் ஆவியாகப் போகும் நீரும் விகிதத்தில் குறைவு. தண்ணீரைக் குறைத்து ஊற்றி, வேண்டுமானால் வெந்நீரில் இளக்கிக்கொள்வதே வழி. உப்பு, புளி, மிளகாய்த்தூளையும் முக்கால்வாசி போட்டு ருசி பார்த்துத்தான் மீதியைச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது, 'கைக்காப்பு' என்று நான் எழுதி வைத்துக்கொள்ளும் கூடுதல் அளவு. 100 இலை கல்யாணத்துக்குச் சொல்லாமல் ஒரு வேன் வந்து நின்றால் 15 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து. அதே வேன் 1000 இலை கல்யாணத்தில் வந்தால் யார் கண்ணிலும் படாது. அண்டாவின் அடியில் ஒட்டுவது, வாளியில் தங்குவது என்ற சேதமும் சின்ன சமையலில்தான் விகிதத்தில் அதிகம். அதனால் 100 இலைக்கு 15 முதல் 20 விழுக்காடு கூடுதலாக வையுங்கள், 500-க்கு பத்துக்குள், 1000-க்கு ஐந்து போதும். பெரிய கல்யாணம் என்பதால் பெரிய கூடுதல் வேண்டும் என்று நினைப்பதில்தான் சோறு மலையாக மிஞ்சுகிறது.

அந்தக் கூடுதலையும் சமைத்து வைக்கக் கூடாது. 40 கிலோ அரிசியில் 25 கிலோவை முதல் இரண்டு உலையில் வடிப்பார்கள். மீதி 15 கிலோ கழுவாமல், அளந்து அடுப்புப் பக்கத்தில் நிற்கும். உலைநீர் மட்டும் தயாராகக் கொதித்துக்கொண்டிருக்கும். பந்தியில் 125 பேர் உட்கார இடம் இருந்தால் 500 இலை நான்கு பந்தி. இரண்டாம் பந்தி எழும்போது மாஸ்டர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து ஒரு பார்வை பார்ப்பார். எழுந்தவர்களின் இலையில் மிச்சம் எவ்வளவு, வாசலில் காத்திருப்பவர் எத்தனை, மேடையில் போட்டோவுக்கு நிற்கும் வரிசை எவ்வளவு நீளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த உலைக்கு 10 கிலோவா 15 கிலோவா என்று முடிவு. உலை வைத்து வடித்து இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு பந்தியும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். இந்த முடிவைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் நான்காம் பந்தி இலை போட்டுக் காத்திருக்கும், அவசரத்தில் வடித்த சாதம் அரைவேக்காடாக வரும்.

பற்றாக்குறை வரப்போகிறது என்பதைச் சமையற்கூடம் சொல்லாது, பந்தியில்தான் தெரியும். பரிமாறுபவர் கையில் இருந்த பெரிய கரண்டி திடீரென்று சின்னதாக மாறும். "இன்னும் கொஞ்சம் வைங்க" என்ற குரலுக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். சாம்பாரில் காய் காணாமல் போய், இலையில் விட்டதும் சாதத்தில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடும். இதைக் கண்டால் உடனே மாஸ்டரிடம் போங்கள். அப்பளம், ஊறுகாய், தயிர், கைவசம் பத்து கிலோ அரிசி, இவை ஸ்டோர் அறையில் பிரிக்காமல் இருந்தால் ஐம்பது அறுபது இலையைக் கௌரவமாகச் சமாளித்துவிடலாம். இனிப்பு தீர்ந்துபோனதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். சாதம் தீர்ந்ததை ஊர் பத்து வருடம் பேசும்.

இலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 500 பேருக்கு 550 தலைவாழை இலை வாங்க வேண்டும், கட்டைப் பிரிக்கும்போது கிழிந்ததும் பழுத்ததும் பத்தில் ஒன்று போய்விடும். கோடைக்காற்றில் கிழிசல் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் அதில் அடங்கும். பாயசத்துக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுப்பவர்கள், ஒரு பந்திக்கு 125 என்றால் இரண்டு பந்திக்குச் சேர்த்து 250 எடுங்கள். ஒரு பந்தி டம்ளர் கழுவுமிடத்தில் இருக்கும்போது அடுத்த பந்திக்கு வேண்டும். 500 எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பணக்கணக்கு. சாமான் நாம் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுவது ஒருவகை. இதில் மிச்சம் மீதி நம்முடையது, மளிகை இறங்கும்போதும் கல்யாணம் முடிந்தும் ஸ்டோர் அறையில் எடை பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு உறவினர் நிற்க வேண்டும். இலைக்கு இவ்வளவு என்று பேசுவது இன்னொரு வகை. அதில் குறைந்தபட்ச இலை என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். 500 என்று எழுதிவிட்டு 420 பேர் சாப்பிட்டாலும் 500-க்குத்தான் பணம். அதனால் நம் கணக்கு 500 என்றால், குறைந்தபட்சத்தை 430 என்று பேசி, அதற்கு மேல் விழும் இலைக்கு அதே விலையில் தருவதாக எழுதிக்கொள்வதுதான் இருதரப்புக்கும் நியாயம். எண்ணுவதற்கும் முறை உண்டு. ஒவ்வொரு பந்தியிலும் எல்லோரும் உட்கார்ந்து, சாதம் வரும் முன் நம் ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் வாங்கிய இலையிலிருந்து மிஞ்சியதையும் கிழிந்ததையும் கழித்துப் பார்த்தால் இரண்டு எண்ணும் ஒத்துவர வேண்டும். பத்துப் பதினைந்து வித்தியாசம் வரலாம். குழந்தைக்குத் தனி இலை போட்டது, கிழிந்து மாற்றியது என்று காரணம் இருக்கும். ஐம்பது அறுபது என்றால் கேளுங்கள்.

மிஞ்சிவிட்டால் தொடாத பாத்திரத்தை மூடி வையுங்கள். சாம்பாரும் தயிர்ச்சாதமும் வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் கடைசிப் பந்தி உட்காரும்போதே ஆள் அனுப்பச் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் கல்யாண வீட்டு மிச்சத்தை வந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. உங்கள் ஊரில் அதைச் செய்பவரின் எண்ணை மண்டபத்து மேனேஜரிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பத்திரிகை கொடுத்த நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரிசப்ஷனா, டிபனா, மதியமா, எத்தனை பேர் என்று குறித்துக் கூட்டுங்கள். வீட்டில் பெண்களிடம் கேட்டுக் குறியுங்கள், யார் வீட்டில் யார் வருவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாளை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.